தொலைக்காட்சிக்கு வயதாகிவிட்டதா? திரை கிழமல்ல, மூளைதான் கிழம்!

ஈப்போ, புந்தோங்கில் இப்படி ஒரு வீடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டிய அம்மா, லயங்கள் உடைக்கப்பட்டுத் தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு மகனோடு வந்து தங்கியிருக்கிறார். மாலை ஆனால் ஸ்மார்ட் தொலைக்காட்சியில் தமிழ்ப் படம் பார்ப்பது அவர் வழக்கம். ஒருநாள் அந்தச் செயலியைத் திறந்தால், "இந்தச் சாதனத்திற்கு இனி ஆதரவு இல்லை" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நிற்கிறது. மறுவாரம் செயலியே பட்டியலில் இல்லை. கடைக்காரரிடம் கேட்டால், "மாடல் பழசாகிவிட்டது, புதிதாக வாங்கிவிடுங்கள்" என்கிறார். ஆயிரம் ரிங்கிட் கணக்கு.

உங்கள் வீட்டிலும் இது நடந்திருக்கலாம். படம் பளிச்சென்று தெரிகிறது, ஒலி கேட்கிறது, ரிமோட் வேலை செய்கிறது. பிறகு எது பழுதாயிற்று? பதில் தெரிந்தால், ஆயிரம் ரிங்கிட் செலவழிப்பதா, இருநூறில் முடிப்பதா என்பதை நீங்களே தீர்மானிக்கலாம்.

2019: இரண்டு பழைய தொலைக்காட்சிகளின் கதை

2019 அக்டோபர் 31-ஆம் தேதி மலேசியாவில் அனலாக் ஒளிபரப்பு முழுமையாக நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகு பழைய குழாய்த் தொலைக்காட்சிகள் ஆண்டெனாவோடு மட்டும் இருந்தால் வெறும் புள்ளிகளைத்தான் காட்டின. ஆனால் யாரும் அவற்றைத் தூக்கி எறிய வேண்டியிருக்கவில்லை. மின்னியல் அலையைப் படித்து, பழைய தொலைக்காட்சிக்குப் புரியும் படமாக மாற்றித் தரும் ஒரு சிறிய பெட்டி போதுமானதாக இருந்தது. குறைந்த வருமானக் குடும்பங்கள் பலவற்றுக்கு அந்தப் பெட்டி இலவசமாகவே கிடைத்தது.

அதற்கு ஒரு மாதம் கழித்து, 2019 டிசம்பர் தொடக்கத்தில், அமெரிக்காவிலும் கனடாவிலும் விற்கப்பட்ட 2010, 2011-ஆம் ஆண்டு சாம்சங் ஸ்மார்ட் தொலைக்காட்சிகள் சிலவற்றில் நெட்பிளிக்ஸ் நின்றுபோனது. அவையும் பழுதாகவில்லை. அங்கேயும் வெளியிலிருந்து ஒரு சிறிய பெட்டியைச் செருகியவர்கள் அதே திரையில் தொடர்ந்து படம் பார்த்தார்கள்.

இரண்டு கதைகளும் சொல்வது ஒன்றுதான். தொலைக்காட்சி என்பது ஒரு திரையும் ஒரு மூளையும் சேர்ந்தது. திரை பதினைந்து ஆண்டுகள்கூட உழைக்கும். மூளைக்கு அவ்வளவு ஆயுள் இல்லை.

செயலி ஏன் காணாமல் போகிறது?

முதல் காரணம், உள்ளே இருக்கும் உலாவி. தொலைக்காட்சியில் நீங்கள் திறக்கும் செயலிகளில் பெரும்பாலானவை உண்மையில் இணையப் பக்கங்களே. தொலைக்காட்சிக்குள் கண்ணுக்குத் தெரியாத ஓர் உலாவி இருக்கிறது. அதுதான் அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுகிறது. உங்கள் கைத்தொலைபேசியின் உலாவி சில வாரங்களுக்கு ஒருமுறை தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். தொலைக்காட்சியின் உலாவியோ பெரும்பாலும் தொழிற்சாலையை விட்டு வந்த நாளிலேயே உறைந்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு. எல்ஜி நிறுவனத்தின் 2016-ஆம் ஆண்டு வெப்ஓஎஸ் தொலைக்காட்சிகளில் இருப்பது குரோமியம் 38 என்ற உலாவி இயந்திரம். அது 2014-இல் வெளிவந்தது. அதாவது, கடையில் புத்தம் புதிதாகப் பெட்டி திறந்த அன்றே அதன் மூளைக்கு இரண்டு வயது. 2018-ஆம் ஆண்டு மாடல்களில் இருப்பது 2016-இல் வந்த குரோமியம் 53. செயலி எழுதும் நிறுவனங்கள் ஆண்டுதோறும் புதிய நிரல் வசதிகளைப் பயன்படுத்துகின்றன. பழைய உலாவிக்கு அந்த நிரல் புரியாது. புரியாத இடத்தில் அது தடுமாறி நிற்கும்: சின்னம் தோன்றும், வட்டம் சுழலும், பிறகு கறுப்புத் திரை. பத்தாண்டுக்கு முந்தைய ஒவ்வொரு மாடலுக்கும் தனியாகச் சோதனை செய்வது செலவு என்பதால், ஒரு கட்டத்தில் நிறுவனம் கோடு போட்டு, "இதற்கு முந்தைய மாடல்களுக்கு இனி இல்லை" என்று சொல்லிவிடுகிறது.

இரண்டாவது காரணம், பூட்டு. திரைப்படங்கள் இணையத்தில் பூட்டப்பட்ட நிலையில்தான் வருகின்றன. அந்தப் பூட்டைத் திறக்கும் சாவி தொலைக்காட்சிக்குள் இருக்க வேண்டும். மேலே சொன்ன 2010, 2011 மாடல்களின் கதை இதுதான் என்று அப்போது தெரிவிக்கப்பட்டது. அவற்றில் இருந்தது மைக்ரோசாஃப்டின் பழைய வகைச் சாவி. நெட்பிளிக்ஸ் 2010 வாக்கிலேயே பிளேரெடி என்ற புதிய பூட்டுக்கு மாறத் தொடங்கிவிட்டது. பழைய பூட்டைக் கைவிட்ட நாளில், புதிய சாவி இல்லாத தொலைக்காட்சிகள் வாசலில் நின்றுவிட்டன.

மூன்றாவது காரணம் பலருக்குத் தெரியாதது: காலாவதித் தேதி. தொலைக்காட்சி ஒரு நிறுவனத்தின் சர்வரோடு பேசத் தொடங்கும்போது, "நீ உண்மையில் அந்த நிறுவனம்தானா?" என்று சான்றிதழ் கேட்கும். அந்தச் சான்றிதழை எந்த அமைப்பு வழங்கியது என்று பார்த்து, தன்னிடமுள்ள நம்பகமான அமைப்புகளின் பட்டியலோடு ஒப்பிடும். அந்தப் பட்டியலில் உள்ளவற்றுக்கும் ஆயுள் உண்டு. 2000-ஆம் ஆண்டு மே 30-இல் உருவான ஆட்டிரஸ்ட் என்ற மூலச் சான்றிதழ், சரியாக 20 ஆண்டுகள் கழித்து 2020 மே 30-இல் காலாவதியானது. அன்று கணினி உலாவிகள் பெரும்பாலும் சிக்கலின்றி ஓடின. அவற்றின் பட்டியலில் புதிய பெயர்கள் இருந்தன. ஆனால் பட்டியல் புதுப்பிக்கப்படாத பழைய சாதனங்கள் பலவற்றில், ரோக்கு பெட்டிகள் சிலவற்றிலும்கூட, இணைப்புகள் அறுந்தன. முதல் நாள் இரவு வரை ஓடிய செயலி மறுநாள் காலையில் திறக்காமல் போனால், இந்த மூன்றாவது காரணத்தையும் நினைத்துப் பாருங்கள்.

மாடல் எண்ணில் பிறந்த ஆண்டு

அடுத்து, உங்கள் தொலைக்காட்சியின் வயதைக் கண்டுபிடிக்க வேண்டும். வாங்கிய ஆண்டு கணக்கில்லை. கடையில் இரண்டு ஆண்டு கிடந்த சரக்காகக்கூட இருக்கலாம். பின்புறம் ஒட்டியுள்ள சீட்டில் மாடல் எண் இருக்கும்.

புந்தோங் வீட்டுச் சீட்டில் UA43K5300 என்று இருக்கிறது. சாம்சங்கில் UA என்று தொடங்கும் இத்தகைய மாடல்களில், அங்குல அளவுக்கு அடுத்து வரும் எழுத்துதான் ஆண்டு. இங்கே 43 அங்குலம், அடுத்தது K. C என்றால் 2010, D என்றால் 2011. நெட்பிளிக்ஸ் இழந்தவை இந்த இரண்டு எழுத்துகளும்தான். H 2014, J 2015, K 2016, M 2017, N 2018, R 2019, T 2020. ஆகவே இது 2016-ஆம் ஆண்டுப் பிறப்பு.

எல்ஜியில் 4கே தொலைக்காட்சிகளுக்கு, அளவுக்கு அடுத்து U-வும் ஓர் எழுத்தும் வரும். UF 2015, UH 2016, UJ 2017, UK 2018, UM 2019, UN 2020. இந்த எழுத்தைக் குறித்துக்கொண்டு, செயலியின் உதவிப் பக்கத்தில் "எந்த ஆண்டு மாடல்களிலிருந்து ஆதரவு" என்று பாருங்கள். உங்கள் ஆண்டு அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தால், எத்தனை முறை அழித்து நிறுவினாலும் செயலி வராது. அந்த முயற்சியை அங்கேயே விட்டுவிடலாம்.

கை வைக்கும் முன்

கோட்டுக்கு மேலே இருந்தும் செயலி ஓடவில்லை என்றால், மூன்று சோதனைகள் செய்யுங்கள். தொலைக்காட்சியில் தேதியும் நேரமும் சரியா என்று பாருங்கள். மின்தடைக்குப் பிறகு கடிகாரம் பழைய ஆண்டுக்குத் திரும்பியிருந்தால், எல்லாச் சான்றிதழும் செல்லாதது போலத் தோன்றும். தேதியைத் திருத்தினாலே தீரும். அடுத்து, பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி இரண்டு நிமிடம் கழித்துச் செருகுங்கள். ரிமோட்டில் அணைப்பது வெறும் உறக்கம்தான், உண்மையான அணைப்பு அல்ல. மூன்றாவதாக, அமைப்புகளில் மென்பொருள் புதுப்பிப்பு ஏதேனும் காத்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஆனால் "எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கு" என்ற பொத்தானை மட்டும் அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். 2025 மார்ச் 9-ஆம் தேதி, கூகுளின் இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட்டுகள் உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் முடங்கின. 2015-இல் வந்த அந்தச் சாதனத்திற்குள் இருந்த ஒரு சான்றிதழின் பத்தாண்டு ஆயுள் அன்று முடிந்திருந்தது. கூகுள் உடனே சொன்ன அறிவுரை: தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைக்காதீர்கள். சில நாளில் திருத்தம் தானாக வந்து சேர்ந்தது. பொறுத்திருந்தவர்களுக்கு வேலை இல்லை. அழித்துவிட்டவர்களோ, சாதனத்தை மீண்டும் இணையத்தில் சேர்க்கவே முடியாமல் கூடுதலாகக் காத்திருக்க நேர்ந்தது.

பழைய தொலைக்காட்சியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கடையிலிருந்து நீக்கப்பட்ட செயலி, ஏற்கெனவே நிறுவிய தொலைக்காட்சியில் சில காலம் ஓடிக்கொண்டிருக்கும். அழித்துவிட்டால் மறுபடி எடுக்க இடமில்லை.

புது மூளை, பழைய திரை

புந்தோங் அம்மாவின் தொலைக்காட்சிக்கு ஏற்ற மாற்று, எச்டிஎம்ஐ துளையில் செருகும் ஒரு குச்சி அல்லது சிறு பெட்டி. அனுமதி பெற்ற ஆண்ட்ராய்டு டிவி அல்லது கூகுள் டிவி சாதனங்கள் சுமார் 150 முதல் 250 ரிங்கிட்டுக்குள் கிடைக்கின்றன. உங்கள் திரை 4கே இல்லையென்றால் 4கே பெட்டிக்குக் கூடுதல் பணம் கட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. நினைவகம் பெரிதாக உள்ளதை எடுப்பது அதைவிட நல்லது. 1 கிகாபைட் நினைவகம் உள்ள மலிவான குச்சி படம் ஓட்டும். ஆனால் செயலி விட்டுச் செயலி மாறும்போது தவங்கும்.

செருகும்போது பெரும்பாலோர் செய்யும் தவறு ஒன்று உண்டு. குச்சிக்கான மின்கம்பியைத் தொலைக்காட்சியின் யூஎஸ்பி துளையிலேயே மாட்டிவிடுவார்கள். பழைய தொலைக்காட்சியின் யூஎஸ்பி 2.0 துளை தருவது 0.5 ஆம்பியர்தான். குச்சிக்கோ பொதுவாக 5 வோல்ட்டில் 1 ஆம்பியர் தேவை. விளைவு: முகப்புத் திரை வரை நன்றாக வரும், படம் தொடங்கியதும் அணைந்து மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். "குச்சி கெட்டுப்போனது" என்று கடைக்குத் திருப்பிக்கொண்டு போவார்கள். கூடவே வந்த சார்ஜரைச் சுவரில் மாட்டினால் சரியாகிவிடும்.

இரண்டாவது தடங்கல் வைஃபை. குச்சி தொலைக்காட்சியின் முதுகுக்கும் சுவருக்கும் இடையே நசுங்கிக் கிடந்தால் அலை சரியாக எட்டாது. பெட்டியோடு வரும் குட்டை நீட்டிப்புக் கம்பியைப் பயன்படுத்தி, குச்சியை ஓரமாக வெளியே தொங்கவிடுங்கள். படம் அடிக்கடி நின்று நின்று ஓடினால் முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

கடைசியாக, அம்மாவின் வசதி. இரண்டு ரிமோட் என்றால் வயதானவர்களுக்குக் குழப்பம். தொலைக்காட்சியின் அமைப்புகளில் எச்டிஎம்ஐ சாதனத்தைக் கட்டுப்படுத்தும் வசதி ஒன்று இருக்கும். சாம்சங்கில் Anynet+, எல்ஜியில் SIMPLINK, சோனியில் BRAVIA Sync என்று பெயர். அதை இயக்கினால், பழைய ரிமோட்டின் அம்புக்குறிகளே புதிய பெட்டியையும் நகர்த்தும். அம்மா கையில் பழகிய ரிமோட், திரையில் பழைய செயலி. அவரைப் பொறுத்தவரை எதுவும் மாறவில்லை.

தோட்டப்புறத்தில் கணக்கு வேறு

நகரில் கம்பிவட இணையம் உண்டு. ஆனால் பேராக்கின் பழைய தோட்டப்புறங்களில் இன்னும் வசிக்கும் பல குடும்பங்களுக்குக் கைத்தொலைபேசியின் ஹாட்ஸ்பாட்தான் இணையம். அங்கே பெட்டி வாங்கும் முன் தரவைக் கணக்கிட வேண்டும். நெட்பிளிக்ஸ் தரும் அளவுகளின்படி, உயர்தரப் படம் மணிக்கு 3 கிகாபைட் வரை எடுக்கும். நடுத்தரம் சுமார் 0.7 கிகாபைட். நாளுக்கு இரண்டு மணி நேரம் பார்த்தால், மாதத்திற்கு உயர்தரத்தில் ஏறக்குறைய 180 கிகாபைட், நடுத்தரத்தில் 42. 32 அங்குலத் திரையில் எட்டடி தள்ளி உட்கார்ந்து பார்ப்பவருக்கு இந்த இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. செயலியின் அமைப்பில் தரத்தை நடுத்தரத்திற்கு மாற்றிவிடுங்கள். உங்கள் தொலைபேசித் திட்டத்தில் ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி வரம்பு உள்ளதா என்பதையும் பாருங்கள். "வரம்பில்லாத தரவு" என்ற திட்டங்கள் பலவற்றில் ஹாட்ஸ்பாட்டுக்கு மட்டும் வரம்பு இருக்கும்.

இணையமே சரியில்லாத இடத்தில் பெட்டி வாங்குவது வீண். அங்கே 2019-இன் பாடமே உதவும்: மைஃப்ரீவியூ மின்னியல் ஒளிபரப்பு. மாதக் கட்டணம் இல்லை, தரவு செலவில்லை. டிவி2-இன் தமிழ்ச் செய்தியும் மின்னல் பண்பலையும் அதிலேயே வரும். தொலைக்காட்சிக்குள் டிவிபி-டி2 வாங்கி இருந்தால் ஆண்டெனா மட்டும் போதும்; இல்லாவிட்டால் அதற்கான பெட்டி வேண்டும். ஈப்போ வட்டாரத்தில் ஆண்டெனாவைக் கிளேடாங் மலைப் பக்கம் திருப்புங்கள். இடையில் சுண்ணாம்புக் குன்று மறைத்தால் படம் கட்டம் கட்டமாக உடையும். ஆண்டெனாவை உயர்த்திப் பார்க்க வேண்டும்.

"எல்லாமே இலவசம்" பெட்டிகள்

சந்தையில் இன்னொரு வகைப் பெட்டியும் உண்டு. "ஒருமுறை வாங்கினால் போதும், எல்லாப் படமும், எல்லா அலைவரிசையும் இலவசம்" என்பார்கள். விலையும் கவரும். இவற்றில் பல கூகுளின் அனுமதி பெறாதவை. அதனால் முதல் தண்டனை படத்தரத்தில்: முறையான பூட்டுச் சாவி இல்லாததால், நெட்பிளிக்ஸ் போன்றவை அவற்றில் குறைந்த தரத்தில்தான் ஓடும், அல்லது ஓடவே ஓடாது. நம் பழைய தொலைக்காட்சிக்கு நேர்ந்த அதே பூட்டுச் சிக்கலைப் புதிதாகக் காசு கொடுத்து வாங்குவதாகிவிடும்.

இரண்டாவது தண்டனை கண்ணுக்குத் தெரியாது. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. ஓர் எச்சரிக்கை விடுத்தது. இத்தகைய பெட்டிகள் சில, வாங்கும் முன்பே தீயநிரலோடு வருகின்றன. வேறு சில, அமைக்கும்போது இறக்கச் சொல்லும் செயலிகளின் வழியாகப் பாதிக்கப்படுகின்றன. பாட்பாக்ஸ் 2.0 எனப்படும் அந்த வலையில் சிக்கிய பெட்டி, உங்கள் வீட்டு இணையத்தைக் குற்றவாளிகள் நுழையும் வாசலாக்கிவிடும். அடையாளம் காண்பது எளிது. Play Protect-ஐ அணைக்கச் சொன்னால், கூகுள் கடை அல்லாத வேறு கடையிலிருந்து செயலி எடுக்கச் சொன்னால், "பூட்டு நீக்கப்பட்டது, எல்லாம் இலவசம்" என்று விளம்பரம் செய்தால், வாங்காதீர்கள். நம் நாட்டில் 2022 மார்ச் 18-இல் நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்தின்படி, இப்படித் திருட்டு ஒளிபரப்புக்கான சாதனங்களை விற்பவருக்கு 10,000 முதல் 200,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கலாம்.

புதிது வாங்குவதே சரி என்பது எப்போது?

திரையில் கோடு விழுந்தால், ஒளி மங்கினால், எச்டிஎம்ஐ துளைகள் செத்துவிட்டால், அப்போது திரையே கிழமாகிவிட்டது, பெட்டி உதவாது. புதிது வாங்கும்போது அங்குலத்தையும் விலையையும் மட்டும் கேட்காதீர்கள். "எத்தனை ஆண்டுக்கு இயங்குதள மேம்பாடு தருவீர்கள்?" என்று கேளுங்கள். எல்ஜி தன் அண்மைக்கால மாடல்கள் பலவற்றுக்கு ஐந்தாண்டில் நான்கு வெப்ஓஎஸ் மேம்பாடுகளும், சாம்சங் தன் புதிய மாடல்களுக்கு ஏழாண்டு வரை டைசன் மேம்பாடும் தருவதாக அறிவித்துள்ளன. நீங்கள் எடுக்கும் குறிப்பிட்ட மாடல் அந்தப் பட்டியலில் உள்ளதா என்பதைக் கடையிலேயே சரிபாருங்கள்.

செருகிய குச்சிக்கும் ஒருநாள் வயதாகும். ஐந்தாறு ஆண்டில் அதன் மூளையும் பின்தங்கும். அப்போது கழற்ற வேண்டியது உள்ளங்கையில் அடங்கும் அந்தக் குச்சியை மட்டுமே. சுவரில் மாட்டிய 43 அங்குலத் திரை அங்கேயே இருக்கட்டும்.